கலைச்சொல்: மத்திய வங்கியின் சொந்த முதல், சுழியத்துக்குக் கீழே போனால்?

செல்வி எழுதியது:
வணக்கம். மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் முட்டி நிற்கிறேன். வங்கி திருப்பித் தர வேண்டியது அதன் சொத்தைவிடக் கூடி, சொந்த முதல் சுழியத்துக்குக் கீழே போன நிலை, அதாவது 'நெகட்டிவ் ஈக்விட்டி'. கைக்கு வந்த வரைவில் 'எதிர்மறைப் பங்கு' என்றிருக்கிறது. யாரோ முறைத்துக்கொண்டு பங்கு கேட்பதுபோல் படுகிறது. நூலில் வருவது சுவீடனின் மத்திய வங்கியான ரிக்ஸ்பேங்க். 2022 முடிவில் அதன் முதல் சுழியத்துக்குச் சுமார் 1,800 கோடி குரோனர் கீழே. 'குறைமுதல்' சரிவருமா?

முத்துவேல் எழுதியது:
இதற்கு எதற்குப் புதுச்சொல்? திவால். எங்கள் ஊரில் மஞ்சக் கடுதாசி என்போம்.

ராஜாராம் எழுதியது:
இல்லை ஐயா. கடன்காரன் வந்து நிற்கும்போது கொடுக்கப் பணம் இல்லாதவன்தான் மஞ்சக் கடுதாசி கொடுப்பான். ரிக்ஸ்பேங்க் கொடுக்க வேண்டியது குரோனர். அதை உண்டாக்குவதே அந்த வங்கிதான். கணக்கில் ஓர் எண்ணைக் கூட்டினால் கடன் தீர்ந்தது.

நட்டம் வந்த வழியைப் பாருங்கள். வட்டி சுழியத்தை ஒட்டிக் கிடந்த காலத்தில் கடன்பத்திரங்களை வாங்கிக் குவித்தார்கள். வட்டியே இல்லாத 5 ஆண்டுப் பத்திரம் ஒன்றை 100க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். விலையாக வணிக வங்கிகளின் கணக்கில் 100 வரவு வைத்தாயிற்று. மறுநாளே சந்தை வட்டி 3 விழுக்காடு ஆனால் அந்தப் பத்திரம் 86க்குத்தான் போகும். ரிக்ஸ்பேங்க் அந்த 14ஐ அப்போதே நட்டமாக எழுதிவிடுகிறது. 2022இல் இப்படி எழுதியதுதான் சுமார் 8,100 கோடி நட்டத்தில் பெரும்பகுதி.

பத்திரத்தை விற்காமல் வைத்திருந்தால் 100 முழுதாக வரும். ஆனால் அதுவரை வணிக வங்கிகளின் கணக்கில் இருப்பாக நிற்கும் அந்த 100க்கு ஆண்டுதோறும் 3 வட்டி கட்ட வேண்டும். இன்றைய 14ம் ஐந்தாண்டு வட்டியும் ஒரே நட்டத்தின் இரு முகம். இரண்டையும் கூட்டிவிடாதீர்கள், பலர் கூட்டுகிறார்கள். அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் விலைச்சரிவை நட்டமாக எழுதுவதில்லை. வட்டி கட்டக் கட்டத்தான் எழுதும். அதையும் ஒத்திவைத்த சொத்து என்று ஒரு பெயரில் போட்டுவிடுவதால், முதல் குறைந்ததாகவே கணக்கில் தெரியாது.

ஹமீதா எழுதியது:
எனக்கு இது பழகிய விஷயம். ஃப்ளாட் மேல் கடன் பாக்கி 52 லட்சம், இன்று விற்றால் 45க்கு மேல் யாரும் கேட்பதில்லை. இதையும் 'நெகட்டிவ் ஈக்விட்டி' என்றுதான் கடன் பிரிவில் சொன்னார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லா?

இளங்கோ எழுதியது:
உங்களுக்கு நோட்டடிக்க முடியாதே அக்கா! மத்திய வங்கிக்கு முதல் என்பதே வெறும் சடங்கு. செக் நாட்டு மத்திய வங்கி பல ஆண்டுகள் சுழியத்துக்குக் கீழேயே இருந்தபடி பணவீக்கத்தைக் கட்டிக் காத்தது.

ராஜாராம் எழுதியது:
பாதி சரி, தம்பி. உண்டாக்கும் பணம் நோட்டாகவே மக்கள் கையில் தங்கினால் அதற்கு வட்டி கிடையாது. சுவீடனில் நோட்டுப் புழக்கம் வெகுவாக வற்றிவிட்டது. புதுப்பணம் வங்கி இருப்பாகத் திரும்பி வந்து வட்டி கேட்கிறது. வட்டி தர மாட்டேன் என்றால் நாட்டின் வட்டிவிகிதம் அவர்கள் கையைவிட்டுப் போய்விடும். ஓரளவு இருப்பை வட்டியில்லாமல் வைக்கச்சொல்லி வங்கிகளைக் கட்டாயப்படுத்தலாம். அது வரி விதிப்பதுபோல்தான். ஆக, சொந்த முதலும் நோட்டும் வட்டி கேட்காத பணம். இரண்டும் வற்றினால் சம்பளம், வாடகைக்கே நாடாளுமன்றத்தின் முன் நிற்க வேண்டிவரும்.

நின்றார்கள். 2024இல் 4,370 கோடி கேட்டார்கள், கிடைத்தது 2,500 கோடி. வட்டியைக் கூட்டுவதை நட்டம் தடுக்கவில்லை. 2023 செப்டம்பரில் 4 விழுக்காடு வரை கொண்டுபோனார்கள். கேட்டதைக் குறைத்துக் கொடுப்பவர்களிடம் அடுத்த முறை எவ்வளவு கறாராக இருக்க முடியும் என்பதுதான் என் கவலை.

செல்வி அம்மா, 'குறைமுதல்' வேண்டாம். அங்கே 2023இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் முதலின் இலக்கு 6,000 கோடி. அதில் மூன்றிலொரு பங்குக்குக் கீழே போனாலே நாடாளுமன்றத்துக்கு மனு போட வேண்டும். 1,900 கோடி கையில் இருந்தாலும் அது குறைமுதல்தான். அந்தச் சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹமீதா எழுதியது:
என் வீட்டில் 'முதலே முழுகிப்போச்சு' என்கிறார்கள். 'முழுகிய முதல்'?

செல்வி எழுதியது:
ஃப்ளாட்டுக்கு அருமையான சொல் ஹமீதா. ஆனால் முழுகியது திரும்பாது என்ற தொனி வருகிறது. செக் வங்கியின் முதல் பிறகு மேலே வந்ததே. கழித்தல் குறியை நினைத்துக் 'கழிமுதல்' என்று எழுதிப் பார்த்தேன்.

முத்துவேல் எழுதியது:
'கழிபேருவகை' நினைவிருக்கிறதா? உரிச்சொல்லில் 'கழி' என்றால் மிகுதி. தமிழ் படித்தவன் உங்கள் வங்கியில் முதல் வழிகிறது என்று புரிந்துகொள்வான்.

செல்வி எழுதியது:
மாட்டிக்கொண்டேன் ஐயா. இப்போதைக்குச் 'சுழியத்துக்குக் கீழ்ப்பட்ட முதல்' என்று நீட்டி எழுதி வைக்கிறேன். அட்டவணைத் தலைப்பில் இது அடங்காது. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது சுருக்கித் தாருங்கள்.