"உலர் மின்முனைப் பூச்சு" பொருந்துமா?

மாதவி:
அனைவருக்கும் வணக்கம். லித்தியம் மின்கலத் தயாரிப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'டிரை எலெக்ட்ரோட் கோட்டிங்' என்பதை 'உலர் மின்முனைப் பூச்சு' என்று எழுதிவிட்டேன். 2019இல் மேக்ஸ்வெல் நிறுவனத்தை வாங்கிய டெஸ்லா, 2020இல் 4680 மின்கலத்தோடு அறிவித்த முறை இது. அச்சுக்குப் போகுமுன் உங்கள் கருத்து வேண்டும்.

சண்முகம்:
பள்ளிப் பாடநூலில் டார்ச் லைட் பேட்டரியைத்தான் உலர் மின்கலம் என்று படித்தோம். இதுவும் அதுதானே? உள்ளே திரவம் இல்லையென்றால் தீப்பிடிக்கவும் செய்யாது. என் மின்ஸ்கூட்டருக்குப் பேட்டரி மாற்ற வேண்டும். இது வரும்வரை பொறுக்கலாமா?

வைதேகி:
சண்முகம் ஐயா, பொறுக்க வேண்டாம். இந்தக் கலத்திலும் மின்பகு திரவம் வழக்கம்போல் இருக்கும், தீ அபாயமும் அப்படியே இருக்கும். கரைப்பான் விலகுவது மின்முனை செய்யும் கட்டத்தில் மட்டுமே.

இன்றைய முறையில் நேர்மின்முனைத் தூளையும் கரியையும் பிணைப்பியையும் என்எம்பி என்னும் கரைப்பானில் குழைத்து அலுமினியத் தாளில் பூசுகிறார்கள். அதன் கொதிநிலை 202 டிகிரி செல்சியஸ். கருவுக்குத் தீங்கு செய்யும் பொருள் என்பதால் ஆவியை வெளியே விட முடியாது. பல பத்து மீட்டர் நீள அடுப்பும், ஆவியைக் குளிர்வித்து மீட்கும் அமைப்பும் இதனால்தான் வேண்டியிருக்கின்றன. புதிய முறையில் கரைப்பானே கிடையாது. தூளோடு சிறிதளவு டெஃப்லான் சேர்த்து அழுத்தித் தேய்த்தால், டெஃப்லான் சிலந்தி நூல்போல் இழுபட்டுத் துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கலவையைச் சூடான உருளைகளுக்கிடையே படலமாக்கி, உலோகத் தாளில் ஒட்டிவிடுகிறார்கள்.

ஆகவே மாதவி, உங்கள் சொல்லில் எனக்கு இரண்டு தடைகள் உண்டு. 'உலர்' வினைத்தொகை, உலர்ந்த, உலர்கின்ற, உலரும் என்று விரியும். முன்பு ஈரமாக இருந்தது என்பது அதிலேயே அடங்கிவிடுகிறது. உண்மையில் உலர்த்தப்படுவது பழைய முறை மின்முனைதான். இரண்டாவது, இங்கே எதையும் பூசுவதில்லை. 'கரைப்பானிலா மின்முனையாக்கம்' என்பது என் பரிந்துரை.

கதிரேசன்:
அம்மா, கோவையில் எங்கள் பட்டறையில் ஜன்னல் கிரில்லுக்குப் பவுடர் கோட்டிங் செய்கிறோம். தூளுக்கு மின்னூட்டம் கொடுத்துத் தெளித்து, அடுப்பில் உருக்குகிறோம். ஈரமே இல்லை, ஆனாலும் அது பூச்சுதான். 'பூச்சு' கூடாது என்பதை ஏற்க மாட்டேன். அடுப்பும் போய், ஈரப்பதம் நீக்கிய அறையும் போய்விட்டால் கலத்தின் விலை பாதியாகிவிடாதா?

வைதேகி:
பூச்சு பற்றி நீங்கள் சொல்வது நியாயம். மின்னூட்டிய தூளைத் தாளில் தெளிக்கும் முறையை மின்கலத்திலும் முயல்கிறார்கள். அதற்குப் பூச்சு என்ற சொல் பொருந்தும். ஆனால் ஈரப்பதம் நீக்கிய அறை போகாது. மின்பகு திரவத்தில் ஈரம் பட்டால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். விலையும் பாதியாகாது. கலத்தின் விலையில் பெரும்பங்கு மூலப்பொருள்களுக்கே போகிறது. நிக்கலும் லித்தியமும் அடுப்பை எடுத்துவிட்டதால் மலிவாகிவிடா. மிச்சமாவது எரிபொருள், இடம், இயந்திர முதலீடு.

ஆற்றல் அடர்த்தியையும் மிகைப்படுத்த வேண்டாம். பழைய முறையில் தடிமனாகப் பூசி வேகமாக உலர்த்தினால் பிணைப்பி மேற்பரப்புக்கு ஏறிவிடும், பூச்சிலும் விரிசல் விழும். புதிய முறையில் அந்தத் தொல்லை இல்லாததால் தடிமனைக் கூட்டலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அலுமினியத் தாள் 12 மைக்ரான், செம்புத் தாள் 8, பிரிப்பான்கள் இரண்டும் சேர்ந்து 30. தாள்களின் இரு பக்கமும் நேர்மின்முனை 70, எதிர்மின்முனை 80 என்றால் மொத்தம் 350 மைக்ரான். அதில் 300 ஆற்றல் தேக்கும் பகுதி. அவற்றையே 100, 115 ஆக்கினால் மொத்தம் 480, தேக்கும் பகுதி 430. விகிதம் 86இலிருந்து 90 விழுக்காடாகிறது, அவ்வளவுதான். அயனி ஊடுருவும் நேரமோ தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். 70ஐ 100 ஆக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேக மின்னேற்றத்துக்கு அது இடைஞ்சல்.

இன்னொரு சிக்கல் எதிர்மின்முனையில் இருக்கிறது. அங்குள்ள தாழ்ந்த மின்னழுத்தத்தில் டெஃப்லான் லித்தியத்தோடு வினைபுரிந்து அதைத் தின்றுவிடும். முதல் மின்னேற்றத்தில் ஏற்றியதற்கும் மின்னிறக்கத்தில் திரும்பியதற்கும் இடைவெளி வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால், முதலில் பிணைப்பியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மாதவி:
'உலர்' என்பதை நீக்கிவிடுகிறேன். டார்ச் பேட்டரியோடு குழப்பம் வரும் என்பதை ஐயாவின் கேள்வியே காட்டிவிட்டது. பொதுச்சொல்லாகக் 'கரைப்பானிலா மின்முனையாக்கம்' என்று வைத்துக்கொள்கிறேன். தலைப்புக்குத்தான் நீளமாக இருக்கிறது.

கதிரேசன்:
'தூள்முறை மின்முனை' என்றால் தலைப்பில் அடங்கும். தெளித்தாலும் உருட்டினாலும் தொடக்கம் தூள்தானே?

வைதேகி:
குழைக்கும் முறையிலும் தொடக்கம் தூள்தான், கதிரேசன். அங்கேதான் தயங்குகிறேன். டெஃப்லான் இழுபடுவதை 'நுண்ணிழையாதல்' என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். ஜவுளித்துறையில் அந்தச் சொல்லை ஏற்கெனவே வேறெதற்காவது வைத்திருக்கிறார்களா?