சொல் தேவை: இன்-டிகிரி, மற்றும் வட்டமடிக்கும் முன்தேவைகள்

யாழினி:

அனைவருக்கும் வணக்கம். எந்தப் பாடத்தை முதலில் படிப்பது, எதை அப்புறம் படிப்பது என்று வரிசைப்படுத்தும் நிரல் பற்றித் தமிழில் ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். ஒவ்வொரு பாடமும் ஒரு முனை, ஒரு பாடத்திலிருந்து அது திறந்துவிடும் பாடத்துக்குப் போகும் அம்பு விளிம்பு, எல்லாம் சேர்ந்த படம் கோட்டுரு. அதுவரை சிக்கல் இல்லை. ஒரு முனைக்குள் எத்தனை விளிம்புகள் வருகின்றன என்ற எண்ணிக்கையில், அதாவது இன்-டிகிரியில், நின்றுவிட்டேன். ஒரு கையேட்டில் 'உட்பாகை' என்று இருக்கிறது. பாகை என்றதும் கோணம்தான் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் உண்டா?

நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டில் ஏழு பாடங்கள். கணிதம் முடித்தால் புள்ளியியல். நிரலாக்கம் முடித்தால் தரவுக் கட்டமைப்பு, அது முடித்தால் படிமுறைகள். புள்ளியியல், படிமுறைகள் இரண்டும் முடித்தால்தான் இயந்திரக் கற்றல். அதன்பின் திட்டப்பணி.

ஜோசப்:

'உள்வரவு' போதுமே. இயந்திரக் கற்றலின் உள்வரவு 2, கணிதத்தின் உள்வரவு 0. உள்வரவு பூச்சியமாக இருப்பதை எடுத்து எழுது, அது திறந்துவிடும் பாடங்களின் உள்வரவில் ஒன்றைக் கழி, பூச்சியமானதை வரிசையில் சேர். எதுவும் மிஞ்சாவிட்டால் சரி. மிஞ்சினால், மிஞ்சியதெல்லாம் சுழற்சி. ஆக இரண்டே சொல்: உள்வரவு, சுழற்சி. முடிந்தது.

சண்முகம்:

ஜோசப் தம்பி சொன்ன 'உள்வரவு' எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் 'உள்வரவில் ஒன்றைக் கழி' என்பதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. உள்வரவு கோட்டுருவின் குணம். யாரும் விளிம்பை அழிக்காதவரை அது மாறாது. நிரல் ஓடும்போது குறைந்துகொண்டே வருவது வேறொன்று: இன்னும் முடிக்காத முன்தேவைகள் எத்தனை என்ற கணக்கு. தொடக்கத்தில் இரண்டும் ஒரே எண் என்பதால் ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். ஆர்தர் கான் 1962-இல் வெளியிட்ட முறையே இந்தக் கணக்கைக் குறைத்துக்கொண்டு போவதுதான். அதற்கு 'நிலுவை' என்று வைக்கலாம். நிலுவை என்றாலே தீர்க்கத் தீர்க்கக் குறைவது என்று யாருக்கும் புரியும். பைத்தானில் தமிழ்ப் பெயர்களே மாறிகளாகச் செல்லும். கீழே `அடுத்தவை[ப]` என்பது ப திறந்துவிடும் பாடங்கள்:

```
வரிசை = [ப for ப in பாடங்கள் if நிலுவை[ப] == 0]
for ப in வரிசை:
    for அ in அடுத்தவை[ப]:
        நிலுவை[அ] -= 1
        if நிலுவை[அ] == 0:
            வரிசை.append(அ)
```

இறுதியில் `len(வரிசை)` பாடங்களின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால் எங்கோ வட்டம் இருக்கிறது.

அடுத்தது, 'மிஞ்சியதெல்லாம் சுழற்சி'. இதை ஏற்க முடியாது. யாழினி கொடுத்த பட்டியலையே எடுத்துக்கொள்வோம். புள்ளியியல் பாடத்துக்கு இயந்திரக் கற்றலும் முன்தேவை என்று யாரோ ஒரு வரி சேர்த்துவிட்டார்கள் என்று வையுங்கள். புள்ளியியலின் நிலுவை இப்போது 2. கணிதம் எழுதியதும் அது 1 ஆகிறது, அங்கேயே நிற்கிறது. நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, படிமுறைகள் எல்லாம் தடையின்றி வெளியேறுகின்றன. இயந்திரக் கற்றலின் நிலுவை 2-இலிருந்து 1 ஆகி நிற்கிறது. ஏழில் நான்கு வந்தன, மூன்று மிஞ்சின: புள்ளியியல், இயந்திரக் கற்றல், திட்டப்பணி. வட்டத்தில் இருப்பது முதல் இரண்டு மட்டுமே. திட்டப்பணி எந்தக் குற்றமும் செய்யவில்லை, வட்டத்துக்குப் பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான். அதையும் சேர்த்து 'சுழற்சி' என்று பிழைச்செய்தி அச்சிட்டால், பாடத்திட்டம் எழுதியவர் திட்டப்பணியின் வரியைப் போய்த் தேடுவார்.

ஜோசப்:

சரி, திட்டப்பணி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மிஞ்சியதில் ஏதாவது ஒன்றில் தொடங்கி, அது திறந்துவிடும் பாடம், அது திறந்துவிடும் பாடம் என்று முன்னோக்கிப் போனால் வட்டம் கிடைத்துவிடுமே?

சண்முகம்:

திட்டப்பணியில் தொடங்கிப் பாருங்கள். அது எதையும் திறந்துவிடவில்லை, முதல் அடியிலேயே முட்டுச்சந்து. பின்னோக்கிப் போக வேண்டும். மிஞ்சிய ஒவ்வொரு பாடத்துக்கும் நிலுவை குறைந்தது 1. அந்த நிலுவைக்குக் காரணமான முன்தேவையும் மிஞ்சியவற்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும், இல்லையென்றால் அது எழுதப்பட்டு நிலுவை குறைந்திருக்கும். எனவே பின்னோக்கிய நடை எங்கும் தடைப்படாது. பாடங்களோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை, ஏதோ ஒன்றை இரண்டாம் முறை மிதித்தே ஆக வேண்டும். திட்டப்பணி, இயந்திரக் கற்றல், புள்ளியியல், மறுபடி இயந்திரக் கற்றல். முதன்முறை மிதித்த இடத்திலிருந்து இரண்டாம் முறை வரை உள்ளதுதான் வட்டம். அதற்கு முன் நடந்த பகுதியை வெட்டி எறிந்துவிடலாம்.

ரெஜினா:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் வேலை செய்யும் இடத்தில் இதே போன்ற நிரல் ஓடுகிறது. அங்கே சுழற்சி இல்லாமலே 'சுழற்சி' என்று பிழை வருகிறது. ஒரு பாடத்தின் முன்தேவை 'கணிதம் அல்லது இயந்திரக் கற்றல்' என்பது மாதிரி எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் இரு விளிம்பாகப் போட்டுவிட்டார்கள். இதற்கு ஏதாவது சொல் இருக்கிறதா, இல்லை எங்கள் பட்டியலே தவறா?

ஜோசப்:

ஒரே விளிம்பு கோப்பில் இரண்டு முறை பதிவாகியிருக்கும். நிலுவையில் இரண்டு ஏறும், `அடுத்தவை` ஒரே பெயரை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும் கணமாக இருந்தால் ஒருமுறைதான் குறையும், அந்தப் பாடம் ஆயுளுக்கும் வெளியே வராது. அதைப் பாருங்கள்.

சண்முகம்:

அப்படியும் நடப்பதுண்டு, ஆனால் ரெஜினா அம்மா கேட்டது 'அல்லது' பற்றி. நிலுவையை விளிம்புக்கு ஒன்றாக எண்ணினால் 'எல்லாமே வேண்டும்' என்று பொருள். 'அல்லது' என்றால் தொகுப்புக்கு ஒன்றாக எண்ண வேண்டும். தொகுப்பில் முதலாவது எது முடிந்தாலும் ஒருமுறை கழிக்க வேண்டும், அதே தொகுப்பில் இரண்டாவது முடியும்போது கழிக்கக் கூடாது. இரண்டாவது பாதியைத்தான் பலரும் மறப்பார்கள். மறந்தால் வேறொரு முன்தேவைக்கான நிலுவை கள்ளத்தனமாகக் குறைந்து, தகுதியில்லாத பாடம் முன்கூட்டியே திறந்துகொள்ளும். பிழைச்செய்தியும் வராது.

இதில் யாழினிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. புள்ளியியலுக்கு 'கணிதம் அல்லது இயந்திரக் கற்றல்' என்று வைத்தால் படத்தில் வட்டம் இருக்கிறது, ஆனால் கணிதம் வழியாகப் போய் எல்லாப் பாடத்தையும் முடித்துவிடலாம். யூனிக்ஸில் இப்படி வரிசைப்படுத்தித் தரும் `tsort` கட்டளைக்கு 'அல்லது' தெரியாது. இரு விளிம்பாகக் கொடுத்தால் உள்ளீட்டில் வட்டம் இருக்கிறது என்றே சொல்லும். அது பார்க்கும் கோட்டுருவைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆகவே 'வட்டம்' ஒரு சொல், 'முடிக்கவே முடியாதது' இன்னொரு சொல். வெறும் 'எல்லாமே வேண்டும்' பட்டியலில் ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும். 'அல்லது' வந்ததும் பிரிந்துவிடும்.

யாழினி:

நன்றி. குறிப்பில் உள்வரவு, நிலுவை, சுழற்சி மூன்றையும் போட்டுவிடுகிறேன். பாடத்திட்டம் என்பதால் 'அல்லது' இல்லாமல் தப்ப முடியாது போலிருக்கிறது, தனிப் பகுதியாக எழுதுகிறேன். திட்டப்பணி மாதிரி வட்டத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டவற்றை என்ன சொல்வது? 'சிக்கியவை' என்று எழுதினேன்.

ஜோசப்:

சிக்கியவை என்றால் வட்டத்துக்குள் இருப்பவையும்தான் சிக்கியிருக்கின்றன. 'தேங்கியவை'?

சண்முகம்:

தேங்கியவை மிஞ்சிய மூன்றுக்கும் பொதுவாக நன்றாக இருக்கும். திட்டப்பணிக்கு மட்டும் தனிச்சொல் வேண்டுமென்றால் 'பின்தேக்கம்' என்று சொல்லிப் பார்த்தேன், அணைக்கட்டு நினைவுக்கு வருகிறது, எனக்கே ஒப்பவில்லை. இரண்டு வட்டங்களுக்கு நடுவே மாட்டிய பாடமும் உண்டு. ஒரு வட்டத்துக்குப் பின், இன்னொன்றுக்கு முன், எதிலும் இல்லை. அதையும் தாங்குகிற சொல்லாக இருக்கட்டும். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.