ஸ்கிரீன் ஷேர்ல டேப் மானத்தை வாங்கின கதை இருந்தா சொல்லுங்க

பங்சார் கணக்கன்
போன வியாழக்கிழமை நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகல. கிளையண்டுக்கு ஸ்டேட்மெண்ட் காட்ட எட்ஜ் ஜன்னலை ஷேர் பண்ணேன். டேப் எல்லாம் இடப்பக்கம் செங்குத்தா வெச்சு, பட்டையைச் சுருக்கியும் விட்டிருந்தேன். வெறும் ஐகான் வரிசைதான் தெரியும், பார்க்கவே சுத்தமா இருக்கும்.

மவுஸ் இடது ஓரத்தைத் தொட்டதுதான் தாமதம், பட்டை விரிஞ்சு எல்லாத் தலைப்பும் தெரிஞ்சுபோச்சு. எட்டாவது வரி: 'ராஜினாமா கடிதம் மாதிரி'. மேனேஜரும் மீட்டிங்ல இருந்தார். எப்பவும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். அன்னிக்கு, "அடுத்த பக்கம் போங்க தம்பி"ன்னார். அவ்வளவுதான்.

ஜெலுத்தோங் அக்கா
நான் பழைய மாதிரி மேலதான் டேப் வெச்சிருக்கேன், மாட்டினது புக்மார்க் பார்ல. குரோம்ல Ctrl+Shift+B அடிச்சு மறைச்சாச்சுன்னு தெம்பா இருந்தேன். பேச்சுக்கு நடுவுல புது டேப் ஒண்ணு திறந்தேன், பார் அப்படியே வந்து உக்காந்துடுச்சு! புது டேப் பக்கத்துல மட்டும் அது வரும்னு யாருக்குத் தெரியும்? முதல் ஃபோல்டரே 'சம்பளம் கூட்டிக் கேக்க'. டீம் லீடர் சிரிச்சுட்டார். சம்பளம் கூடல.

செந்தூல் ரவி
இதுக்கெல்லாம் காரணம் கண்ட எக்ஸ்டென்ஷன் போடுறதுதான் லா. நான் பதினாலு ஐகானையும் பின் எடுத்துட்டேன். இப்ப புதிர்த்துண்டு ஐகான் மட்டும்தான் நிக்குது, பிரவுசரும் லேசா ஓடுது.

பாயான் லெப்பாஸ் சப்போர்ட்
ரவி தம்பி, பார் சுத்தமானது சரி. பின் எடுத்தா ஐகான்தான் மறையும், எக்ஸ்டென்ஷன் உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் டார்க் மோட் எக்ஸ்டென்ஷனை இப்படித்தான் 'எடுத்துட்டேன்'னார். படிவம் மட்டும் ஏன் கருப்பா வருதுன்னு அரை நாள் தேடினோம். chrome://extensions போய் ஸ்விட்சை அணைக்கணும். இல்லேன்னா அதோட விவரப் பக்கத்துல, கிளிக் பண்ணா மட்டும் தளத்தைப் படிக்கிற மாதிரி மாத்திக்கணும்.

கணக்கன் தம்பி கேக்காட்டியும் சொல்றேன். பிரவுசர் வழியா மீட்டிங்ல சேர்ந்தா, ஷேர் பண்றப்ப ஜன்னலைத் தேர்ந்தெடுக்காம டேப்பைத் தேர்ந்தெடுங்க. பக்கம் மட்டும்தான் எதிராளிக்குப் போகும். டேப் பட்டை, புக்மார்க், ஐகான் எதுவும் போகாது. மீட்டிங் ஆப்ல சேர்ந்தா ஜன்னல், முழுத்திரைன்னுதான் பெரும்பாலும் கேக்கும். அதுக்காகவே நான் ஆபீஸ் வேலைக்குத் தனி ப்ரொஃபைல் வெச்சிருக்கேன். புக்மார்க், எக்ஸ்டென்ஷன், ஹிஸ்டரி எல்லாம் தனி. ராஜினாமா கடிதம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. ஆனா முழுத்திரையை ஷேர் பண்ணா எந்த ப்ரொஃபைலும் காப்பாத்தாது.

புக்மார்க் பார்ல பேரை அழிச்சு ஐகான் மட்டும் வெச்சா நிறைய அடங்கும்னு பலர் சொல்வாங்க. நானும் செஞ்சேன். எங்க உள் சிஸ்டத்துல அஞ்சு பக்கத்துக்கும் ஒரே நீல ஐகான். லீவு விண்ணப்பம்னு நினைச்சு ஸ்டாக் பக்கத்தைத் திறந்துக்கிட்டே இருந்தேன். இப்ப 'லீ', 'ஸ்', 'கி'ன்னு ஓரெழுத்து வெச்சிருக்கேன்.

ஜெலுத்தோங் அக்கா
ஓரெழுத்து நல்ல ஐடியா. ஆனா 'ச'ன்னு வெச்சா சம்பளமா சரக்கான்னு எனக்கே மறந்துடும்.

பட்டர்வொர்த் மணி
நீங்க மறைக்கிற கஷ்டத்துல இருக்கீங்க, எனக்குக் காணாமப் போன கஷ்டம். ஏழு டேப் பின் பண்ணி வெச்சிருந்தேன். சாயங்காலம் ஃபெரிக்கு ஓடுற அவசரத்துல பெரிய ஜன்னலை முதல்ல மூடிட்டேன். ஓரமா கிடந்த சின்ன ஜன்னலைக் கடைசியா மூடினேன். காலைல அந்தச் சின்னது மட்டும்தான் திரும்பி வந்தது, ஏழும் இல்ல. அழாத குறை.

பாயான் லெப்பாஸ் சப்போர்ட்
மணி அண்ணே, திறந்த உடனே Ctrl+Shift+T அடிச்சிருந்தா முழு ஜன்னலும் வந்திருக்கும். ஹிஸ்டரி மெனுல சமீபத்துல மூடினதுல 'ஏழு டேப்'னு இருக்கும், பாருங்க.

பட்டர்வொர்த் மணி
அது போன மாசம்மா. நான் ஒவ்வொண்ணா திரும்பப் பின் பண்ணிட்டேன்.

செந்தூல் ரவி
எனக்கு லேசா ஓடுதுன்னா ஓடுதுதான்.

பங்சார் கணக்கன்
டேப் ஷேர் நேத்து செஞ்சு பார்த்தேன் சப்போர்ட் அக்கா, நல்லாத்தான் போச்சு. ஆனா எங்க சிஸ்டம் இன்வாய்ஸை தனி ஜன்னல்ல திறக்குது. கிளையண்ட் பழைய பக்கத்தையே பார்த்துக்கிட்டு "எங்க, எங்க"ன்னார். அதுக்கு வழி இருக்கா?

மேனேஜர் நாளைக்கு மாமாக் கடையில லன்ச்ங்கிறார், நாங்க ரெண்டு பேர் மட்டும்.