வேலைக்கு அனுப்பும் கடிதத்தில் நம் சாதனையைக் கதையாக எழுதலாமா?

நீடாமங்கலம்_தம்பி:
மன்னார்குடி பக்கம் ஒரு புழுங்கல் அரிசி மில்லில் சூப்பர்வைசராக இருக்கிறேன். திருச்சியில் ஒரு உணவுக் கம்பெனிக்குத் தரப்பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். பயோடேட்டாவோடு ஒரு பக்கக் கடிதம் கேட்கிறார்கள். "கடின உழைப்பாளி, பொறுப்பானவன், ஆறு வருட அனுபவம்" என்று எழுதியிருந்தேன். நண்பன் பார்த்துவிட்டு, செய்த ஒரு காரியத்தை எடுத்து நிலைமை என்ன, நீ என்ன செய்தாய், என்ன ஆச்சு என்று சின்னக் கதை மாதிரி எழுது என்கிறான். இது சரிவருமா? எப்படி எழுதுவது?

கணக்குப்பிள்ளை:
வராது. நான் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலையில் கூடமாட இருந்தவன். ஒரு வேலைக்கு வந்து குவியும் கடிதங்களில் யார் தம்பி உட்கார்ந்து கதை படிக்கப் போகிறார்கள்? எத்தனை வருஷம், எந்த மெஷின் தெரியும், எப்போது சேர முடியும், முடிந்தது. கதையை இன்டர்வியூவில் கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஆடுதுறை_அண்ணாச்சி:
இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால்தானே சொல்ல முடியும்? நான் மில்லிலும் அப்புறம் ஒரு உணவுத் தொழிற்சாலையிலுமாக முடி நரைத்தவன், ஆள் எடுத்தும் இருக்கிறேன். "கடின உழைப்பாளி" என்று எழுதாதவன் எவனும் இல்லை, அதனால் அந்த வரியைக் கண் தாண்டிப் போய்விடும். கணக்குப்பிள்ளை சொல்கிற வருஷமும் மெஷினும் பயோடேட்டாவிலேயே இருக்கிறது, அதையே கடிதத்தில் திரும்ப எழுதுவதில் என்ன லாபம்? ஆனால் கதை என்றதும் இரண்டு பக்கத்துக்கு இழுத்துவிடாதே தம்பி. ஒரே பத்தி, ஏழெட்டு வாக்கியம். அதில் நிலைமைக்கு இரண்டு போதும், முடிவுக்கு ஒன்றிரண்டு. மீதி எல்லாம் நீ செய்தது. நம் ஆட்கள் இதைத் தலைகீழாக எழுதுவார்கள், மழை பெய்தது, லோடு நின்றது, ஆள் வரவில்லை என்று கஷ்டத்தையே முக்கால் பத்தி சொல்லிவிட்டு, கடைசியில் "எனது முயற்சியால் சரிசெய்யப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். என்ன முயற்சி? அதைத்தானே படிக்கிறவன் தேடுகிறான்.

பில்கிளார்க்_வலங்கைமான்:
நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர் வேலைக்கு நான் போட்டபோது இந்த மாதிரிக் கடிதமெல்லாம் கேட்கவே இல்லையே. படிவம், சான்றிதழ் நகல், அவ்வளவுதான். கதை எழுதினால் நிராகரித்துவிடப் போகிறார்கள், பார்த்து.

ஆடுதுறை_அண்ணாச்சி:
அண்ணே, அது அரசுப் படிவம், அங்கே இதற்கு இடமே கிடையாது. தம்பி கேட்பது தனியார் கம்பெனிக்கு. சரி தம்பி, எந்தக் காரியத்தை எழுதலாம் என்று நினைக்கிறாய்? அதை முதலில் சொல்.

நீடாமங்கலம்_தம்பி:
குறுவை நெல் வரும்போது எங்கள் மில்லில் நொய் அதிகம் விழும். நூறு கிலோ அரிசிக்கு ஒன்பது கிலோ வரை போனது. உமி நீக்கும் ஹல்லரின் ரப்பர் ரோலை மாற்றிப் பார்த்தார்கள், குறையவில்லை. நான் டிரையரில் காய வைக்கும் முறையை மாற்றினேன், ஐந்து கிலோவுக்கு வந்தது. முதலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை, அப்புறம் ஒத்துக்கொண்டார்.

ஹெச்ஆர்_தஞ்சாவூர்:
சூப்பர் மேட்டர் ப்ரோ. ரிசல்ட் கண்டிப்பாக எண்ணில் இருக்கணும், இல்லையென்றால் எவனும் நம்ப மாட்டான். "நொய்யை 44 சதவீதம் குறைத்தேன்" என்று முதல் வரியிலேயே தூக்கிப் போடுங்க. சம்பாவில் இன்னும் குறைவாக விழுந்திருக்குமே, பிப்ரவரிக் கணக்கை எடுத்து அக்டோபரோடு வைத்தால் 60 சதவீதம்கூட வரும்.

ஆடுதுறை_அண்ணாச்சி:
எண் வேணும் என்பது சரி. ஆனால் இந்த இரண்டு யோசனையும் தம்பியை இன்டர்வியூவில் மாட்டிவிடும். ஒன்று, "44 சதவீதம்" என்றால் எதில் 44? ஒன்பது ஐந்தானாலும் 44தான், பதினெட்டு பத்தானாலும் 44தான். முதலாவது ஓரளவு ஒழுங்காக ஓடும் மில்லை இன்னும் சீர்செய்தது, இரண்டாவது பாழாய்க் கிடந்த மில்லைத் தூக்கி நிறுத்தியது. தொழில் தெரிந்தவன் உடனே கேட்பான். "நூறு கிலோவுக்கு ஒன்பதிலிருந்து ஐந்து" என்று எழுதினால் கேள்விக்கே வேலையில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். அக்டோபரில் வரும் குறுவை நெல் மழையில் அறுத்தது, ஈரம் தாறுமாறாக இருக்கும். பிப்ரவரி சம்பா வெயிலில் அறுத்தது, ரகமும் வேறு. நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பிப்ரவரியில் நொய் குறையத்தான் செய்யும். வெயில் செய்த வேலையைத் தம்பி கணக்கில் எழுதினால், டெல்டாவில் மில் பார்த்த ஒருத்தன் எதிரே உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். குறுவையைக் குறுவையோடு ஒப்பிடணும், அதுவும் அதே ரகமாக.

தம்பி, ஒன்பது, ஐந்து என்கிறாயே, இரண்டும் எப்போது எடுத்தது?

நீடாமங்கலம்_தம்பி:
ஒரே லோடு அண்ணே. ஆடுதுறை 43 ரகம். பாதியைப் பழைய முறையில் ஓட்டினோம், பாதியை நான் சொன்ன முறையில். முதலாளிக்குக் காட்டத்தான் அப்படிச் செய்தது. நொய்யைத் தனியாகப் பிடித்து எடை போட்டோம்.

ஆடுதுறை_அண்ணாச்சி:
அட, இதைச் சொல்லாமல் வைத்திருக்கிறாயே! உன் கதையில் தங்கமே அதுதான். தரப்பொறுப்பாளருக்கு வேறென்ன வேலை? சந்தேகம் வந்தால் பாதி பாதியாகப் பிரித்து ஓட்டிப் பார்ப்பவன் வேணும். கம்பெனிக்காரன் உன் நொய்க்காக உன்னை எடுக்க மாட்டான், அவனிடம் அரிசி மில்லே இல்லாமல் இருக்கலாம். எழுதிக் காட்டு.

நீடாமங்கலம்_தம்பி:
எழுதியது இது:

"எங்கள் மில்லில் குறுவைப் பருவத்தில் பலத்த மழை காரணமாக நெல் ஈரமாக வருவதால் பல்வேறு பிரச்சினைகள் ஏற்பட்டு வந்தன. நொய் அதிகமாக விழுந்ததால் நிறுவனத்துக்கு நஷ்டம் ஏற்பட்டது. பலமுறை முயன்றும் தீர்வு கிடைக்கவில்லை. இந்நிலையில் எங்கள் குழுவினர் உலர்த்தும் முறையில் மாற்றங்கள் செய்து, நொய் கணிசமாகக் குறைக்கப்பட்டது."

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன். நாலு வரி படித்தும் தம்பி என்ன செய்தார் என்று தெரியவில்லை. இதற்கு என் வழியே மேல்.

ஆடுதுறை_அண்ணாச்சி:
இந்தப் பத்திக்கு நீங்கள் சொல்வது சரி. "பல்வேறு", "மாற்றங்கள்", "கணிசமாக", மூன்றும் மூடி போட்ட பாத்திரம், உள்ளே என்ன என்று தெரியவில்லை. "குறைக்கப்பட்டது" என்றால் யார் குறைத்தது? தம்பி, கூச்சப்படாமல் சொல். காய வைப்பதுதான் காரணம் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? என்ன மாற்றினாய்?

நீடாமங்கலம்_தம்பி:
டிரையரிலிருந்து வந்த நெல்லைக் கையால் உமி உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மணியில் குறுக்கே மயிரிழை மாதிரி கோடு. ஹல்லருக்குப் போகும் முன்பே விரிசல் விழுந்திருக்கிறது, அப்போ ரோலைக் குறை சொல்லி என்ன செய்வது. அவித்த நெல்லை ஒரே ஓட்டத்தில் 14 சதவீத ஈரம் வரைக்கும் சூடு கொடுத்து இறக்குவார்கள். வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், அந்த இழுப்பில்தான் மணி வெடிக்கிறது. நான் 18 சதவீதத்தில் டிரையரை நிறுத்தி, நெல்லை ஒரு ராத்திரி தொட்டியில் ஆற விட்டு, காலையில் மறுபடி ஓட்டி 14க்குக் கொண்டுவந்தேன். இதனால் அன்றைக்கு ஒரு அவியல், அதாவது ஒரு தடவை அவிக்கும் நெல், குறையும், அதுதான் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. சும்மா கிடந்த பழைய தொட்டி ஒன்றைச் சுத்தம் பண்ணி, ஆறவைக்க அதை எடுத்துக்கொண்டோம். அப்புறம் அவியல் எண்ணிக்கை பழையபடி ஆகிவிட்டது.

ஆடுதுறை_அண்ணாச்சி:
இதை அப்படியே எழுது, அலங்காரம் வேண்டாம். அவியல் குறைந்ததையும் விடாதே. நல்லது மட்டும் நடந்த கதையைத் தொழில் தெரிந்தவன் நம்ப மாட்டான்.

நர்ஸ்_குடந்தை:
இடையில் என் சந்தேகம். நான் ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிறேன். எனக்கு எடை போட்டுக் காட்ட நொய்யும் இல்லை, கிலோவும் இல்லை. ராத்திரி டூட்டி மாறும்போது எந்த நோயாளிக்கு எந்த மருந்து பாக்கி என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள், அதற்கு நான் கட்டில் வாரியாக ஒரு தாள் போட்டேன். இப்போது எல்லா வார்டிலும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். எண் இல்லையென்றால் இதெல்லாம் சாதனை இல்லையா?

ஹெச்ஆர்_தஞ்சாவூர்:
ஒரு எண்ணைத் தோராயமாகப் போட்டுக்கோங்க அக்கா, யார் சரிபார்க்கப் போறாங்க.

ஆடுதுறை_அண்ணாச்சி:
வேண்டாம்மா. "மற்ற வார்டுகளும் அதே தாளை எடுத்துக்கொண்டன" என்பதே முடிவுதான், கேட்டால் உறுதி சொல்ல ஆள் இருக்கிறது. இல்லாத சதவீதத்தைவிட அது எவ்வளவோ மேல்.

நீடாமங்கலம்_தம்பி:
மாற்றி எழுதிவிட்டேன்:

"சென்ற குறுவையில் எங்கள் மில்லில் நூறு கிலோ புழுங்கல் அரிசிக்கு ஒன்பது கிலோ நொய் விழுந்தது. ஹல்லர் ரோலை மாற்றியும் குறையவில்லை. டிரையரிலிருந்து வந்த நெல்லை உரித்துப் பார்த்தேன், அரைக்கும் முன்பே மணிகளில் விரிசல் இருந்தது. ஒரே ஓட்டத்தில் காய வைப்பதுதான் காரணமாக இருக்கும் என்று, ஒரு லோடைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வழக்கப்படியும் மறுபாதியை இடையில் ஓர் இரவு ஆறவிட்டு இரண்டு ஓட்டமாகவும் காய வைத்தேன். ஆறவிட்ட பாதியில் நொய் ஐந்து கிலோவாக இருந்தது. இதனால் நாளுக்கு ஓர் அவியல் குறைந்ததால், பயன்படாமல் இருந்த ஒரு தொட்டியை ஆறவைக்க ஒதுக்கிப் பழைய எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தோம். இப்போது மில்லில் குறுவை நெல் முழுவதும் இந்த முறையில்தான் காய்கிறது."

கணக்குப்பிள்ளை:
இது படிக்கிற மாதிரி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. உங்கள் முதலாளியின் மில்லில் ஒன்பது கிலோ நொய் விழுந்ததை வேறு கம்பெனிக்கு எழுதி அனுப்புகிறீர்கள். இந்தப் பக்கம் மில்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், நாளைக்கு அவர் காதுக்குப் போனால்? அப்புறம், கடிதத்தைத் திறப்பவர் ஆபீஸ்காரராக இருந்தால் ஹல்லர், அவியல் எல்லாம் புரியவா போகிறது?

ஆடுதுறை_அண்ணாச்சி:
தரப்பொறுப்பாளர் வேலைக்கு வரும் கடிதம் கடைசியில் ஃபேக்டரி மேனேஜர் மேசைக்குத்தான் போகும். இருந்தாலும் "ஹல்லர் ரோல்" என்பதை "அரவை இயந்திரத்தின் ரோல்" என்று மாற்று, "அவியல்" என்பதை "ஒரு தடவை அவிக்கும் நெல்" என்று விரித்து எழுது, யாருக்கும் புரியும். மில்லின் பெயர் பயோடேட்டாவிலேயே இருப்பதால் மறைக்க முடியாது. ஆனால் நொய்க்கணக்கு ரகசியம் என்று நான் நினைக்கவில்லை. கொள்முதல் விலை, யாருக்கு விற்கிறார்கள், எவ்வளவு லாபம், அதையெல்லாம் எழுதினால்தான் தப்பு.

கணக்குப்பிள்ளை:
நொய் எவ்வளவு என்று தெரிந்தால் லாபம் எவ்வளவு என்று மில்காரன் மனக்கணக்கே போட்டுவிடுவான். நானாக இருந்தால் "ஏறக்குறைய பாதியாக" என்று மட்டும் எழுதிவிட்டு, எண்ணை நேரில் சொல்வேன்.

நீடாமங்கலம்_தம்பி:
வெள்ளிக்கிழமை அனுப்பணும். முதலாளியிடமே கேட்டுவிடலாமா என்றால், நான் வேலை தேடுவது அவருக்கு இன்னும் தெரியாது. வேறு யாருக்காவது ஏதாவது தோன்றினால் அதற்குள் சொல்லுங்கள்.