கே.ஒய்.சி.யின் கடைசிப் புள்ளி

குடந்தைவாசி: அலுவலகத் தமிழில் ஆங்கிலச் சுருக்கங்களுக்கு இடையில் புள்ளி வைப்பதும், அவற்றை மேற்கோள் குறிக்குள் அடைப்பதும் பழைய தட்டச்சர்களின் பிடிவாதம். கேஒய்சி என்று எழுதினால் குடி முழுகிவிடாது. மறுப்பவர் உண்டா?

தஞ்சைக் கண்காணிப்பாளர் (ஓய்வு): குடி முழுகவில்லை, கோப்புதான் திரும்பி வந்தது. எங்கள் பக்கத்துக் கடன் சங்கம் ஒன்றின் துணைவிதியில் “உறுப்பினர் கே.ஒய்.சி.யைச் சமர்ப்பிக்க வேண்டும்” என்று இருந்தது. அதைத் தமிழாக்க முனைந்தவர்கள், ‘“கே.ஒய்.சி” என்னும் சொல்லுக்குப் பதிலாக “அடையாள ஆவணங்கள்” என்னும் சொற்கள் அமைக்கப்படும்’ என்று தீர்மானம் எழுதினார்கள். திருத்தத்தில் மேற்கோளுக்குள் இருப்பது மட்டுமே நீங்கும், வெளியே இருப்பது அப்படியே நிற்கும். அதன்படி பொருத்திப் பார்த்தால் “உறுப்பினர் அடையாள ஆவணங்கள்.யைச் சமர்ப்பிக்க வேண்டும்” என்று வருகிறது. கடைசிப் புள்ளியை மேற்கோளுக்குள் சேர்க்காததன் பலன் இது.

குடந்தைவாசி: ஐயா, தாங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். புள்ளியே இல்லாமல் “கேஒய்சியை” என்று முதலிலேயே எழுதியிருந்தால் நடுவில் புள்ளி எப்படி அநாதையாக நின்றிருக்கும்?

தஞ்சைக் கண்காணிப்பாளர் (ஓய்வு): அப்போது “ஆவணங்கள்யைச்” என்று நின்றிருக்கும், அதைத் தாங்கள் சுவைத்துப் படித்திருப்பீர்கள். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிவிடுவதால், திருத்தம் எழுதுபவர் “கே.ஒய்.சி.யைச்” என்று ஒற்று வரைக்கும் உள்ளே எடுத்து, “அடையாள ஆவணங்களைச்” என்று முழுதாக மாற்றியிருக்க வேண்டும். ஆங்கில வரைவைப் பார்த்து வெறும் சொல்லை மட்டும் அடைக்கும் பழக்கத்தால் வந்த வினை. ஆனாலும் கடைசிப் புள்ளி உள்ளேதான் இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

குடந்தைவாசி: குற்றம் உருபிலா, புள்ளியிலா என்று முதலில் முடிவு செய்துகொண்டு வாருங்கள். சென்ற மாதம் ஒற்றுப்பிழை இழையிலும் இப்படித்தான் பாதி வழியில் தடம் மாறினீர்கள்.

மன்னை மறவோன்: இருவரும் அந்நியச் சரக்குக்காக அடித்துக்கொள்கிறீர்கள். ஓலைச்சுவடியில் மேற்கோள் குறி ஏது? ‘என்று’, ‘என’, ‘என்னும்’ ஆகியவை போதுமென்று நம் முன்னோர் இருந்தார்கள். அந்தக் குறிகள் அச்சோடு வந்தவை, அச்சோடு போகட்டும்.

தஞ்சைக் கண்காணிப்பாளர் (ஓய்வு): பாதி சரி. ‘என்னும்’ என்பது மேற்கோள் எங்கே முடிகிறது என்று காட்டும், எங்கே தொடங்குகிறது என்று காட்டாது. ‘துணைவிதியில் உறுப்பினர் கே.ஒய்.சி.யைச் என்னும் சொற்களுக்குப் பதிலாக’ என்று குறியின்றி எழுதினால், ‘உறுப்பினர்’ நீங்குகிறாரா, நிற்கிறாரா? கதையில் இது பரவாயில்லை, சட்டத்தில் ஆளையே தூக்கிவிடும். வந்த குறிகளை விரட்டுவதற்கு முன் ஆறுமுக நாவலரின் உரைநடையைப் புரட்டிப் பாருங்கள், அவர் எத்தனை தாராளமாகக் குறியிட்டார் என்பது தெரியும்.

மன்னை மறவோன்: நாவலரை இழுத்தால் நான் வாயடைத்துப்போவேன் என்று நினைக்க வேண்டாம்.

பாபநாசம் விவசாயி: எனக்கும் இதே புள்ளிச் சிக்கல்தான். பட்டாவில் என் முதலெழுத்து ‘க.’ என்றும், வங்கிப் புத்தகத்தில் ‘கே.’ என்றும் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுப் பணத்துக்கு அலைகிறேன். புள்ளியை எடுத்துவிட்டால் சரியாகுமா?

தஞ்சைக் கண்காணிப்பாளர் (ஓய்வு): ஆகாது. தங்கள் சிக்கல் எழுத்தில் இருக்கிறது, புள்ளியில் இல்லை. இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்கான சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

திருவாரூர் தட்டச்சர்: பிடிவாதம் என்று எங்களைச் சொல்பவர்களுக்கு ஒன்று. ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில், எழுத்துருவை மாற்றாமல் ஆங்கில எழுத்தைத் தட்டினால் திரையில் தமிழ்க் கிறுக்கல் விழும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் எழுத்துருவை மாற்ற நேரமில்லாததால் தமிழிலேயே புள்ளி வைத்துத் தட்டினோம். பழைய கோப்பை இன்று மாற்றும்போது சில எழுத்துருக்களில் வளைந்த மேற்கோள் குறி வேறு எழுத்தாகத் திரிவதும் உண்டு. ஆகவே மாற்றிய கோப்பில் குறிகளை மட்டும் தனியாக ஒருமுறை அச்சுப்படியோடு ஒப்பிடுங்கள்.

குடந்தைவாசி: அப்படியானால் புள்ளி வந்தது வசதிக்காக, இலக்கணத்துக்காக அல்ல. நன்றி. மேலும், நேரடி நெல் கொள்முதல் நிலையம் பற்றி மாவட்ட இணையதளத்தில் “டிபிசி” என்று தேடினால் “டி.பி.சி.” என்று எழுதிய சுற்றறிக்கை அகப்படாது. தேடுபவன் தவிப்பது யாருடைய பெருமைக்காக?

தஞ்சைக் கண்காணிப்பாளர் (ஓய்வு): தேடுபவருக்காகத் துணைவிதியைத் திருத்த முடியாது. மூலத்தில் புள்ளி இருந்தால் மேற்கோளிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்கக் கூடாது. நான் முதலிலிருந்தே சொல்வது இதுதான்.

குடந்தைவாசி: முதலில் தாங்கள் சொன்னது வேறு. சரி, திருத்த வாக்கியம் “கே.ஒய்.சி.” என்றே முடிந்தால், குறிக்கு வெளியே இன்னொரு முற்றுப்புள்ளி உண்டா?

தஞ்சைக் கண்காணிப்பாளர் (ஓய்வு): உண்டு. உள்ளே இருப்பது சுருக்கத்தினுடையது, வெளியே இருப்பது வாக்கியத்தினுடையது.

குடந்தைவாசி: ஒரு சொல்லுக்கு நாலு புள்ளி! கோலம் போடுகிறீர்களா, ஐயா?

தஞ்சைக் கண்காணிப்பாளர் (ஓய்வு): போடத் தெரிந்தவன் போடுகிறேன்.