வீட்டில் இடியப்பம் விற்பதற்குப் பிரதேச சபை 4000 ரூபா கேட்கிறது. மிகச் சிறிய வியாபாரம் என்று எப்படிக் காட்டுவது?

கௌரி (2024 பெப்ரவரி)

யாழ் மாவட்டத்தில் ஒரு பிரதேச சபை எல்லைக்குள் இருக்கிறேன். பின்னேரத்தில் வீட்டுக் குசினியிலேயே இடியப்பம் அவித்து, சம்பலும் சொதியும் சேர்த்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறேன். அயலவர்களும் வந்து வாங்குவார்கள். வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, பெயர்ப்பலகையும் இல்லை.

போன கிழமை சபையில் இருந்து ஒரு அறிவித்தல் வந்தது. 2024ஆம் ஆண்டுக்கு "உணவு தயாரித்து விற்றல், அனுமதிப்பத்திரக் கட்டணம் 1000" என்று ஒரு தொகை, அதற்குக் கீழே "வியாபார வரி 3000" என்று இன்னொரு தொகை. மொத்தம் 4000 ரூபா. ஒரு நாளைக்குக் கையில் மிஞ்சுவது நானூறு, ஐந்நூறு ரூபா. மிகச் சிறிய வியாபாரம் என்று காட்டினால் குறைப்பார்களா? என்ன ஆவணம் கொடுக்க வேண்டும்?

நிரோஷ்

அக்கா, கிராம சேவகரிடம் வருமானம் குறைவு என்று ஒரு கடிதம் வாங்கி, பிரதேச செயலகத்தில் கையொப்பமும் எடுத்துக் கொடுங்கள். அஸ்வெசும உதவிப் பணம் கிடைக்கிறது என்றால் அந்தக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். எங்கள் மாமிக்கு அப்படித்தான் விட்டுக் கொடுத்தார்கள்.

செல்வராணி

எனக்கும் இதே பிரச்சினைதான். வருமான வரிக்கு ரின் நம்பர் எடுக்கச் சொல்லி வந்த கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. இந்த 2023/24 வரி ஆண்டில் 12 லட்சத்துக்குக் கீழே உழைத்தால் வரி இல்லைத்தானே, நீங்கள் ஏன் கட்ட வேண்டும்?

தயாபரன் (ஓய்வுபெற்ற வருமானப் பரிசோதகர்)

செல்வராணி, நீங்கள் சொல்வது உள்நாட்டு இறைவரி. அதற்கும் பிரதேச சபைக்கும் தொடர்பு இல்லை.

கௌரி பிள்ளை, குறைக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் அந்த இரண்டு தொகையையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் இருந்து வருபவைதான், ஆனால் அளக்கும் கோல் வேறு.

அனுமதிப்பத்திரக் கட்டணம் விற்பனையைப் பார்ப்பதில்லை. வியாபாரம் நடக்கிற இடத்தின் ஆண்டுப் பெறுமதியை, அதாவது ஆண்டு வாடகை என்று சபை மதிப்பிட்ட தொகையைத்தான் பார்க்கும். 750 ரூபாவுக்கு மேற்படாவிட்டால் 500, 1500 வரை 750, அதற்கு மேல் 1000. சோலைவரித் துண்டு இருந்தால் அதில் ஆண்டுப் பெறுமதி போட்டிருக்கும். சாதாரணக் கல்வீடு என்றால் 1500ஐத் தாண்டித்தான் இருக்கும், ஆகவே 1000 சரியாகவே இருக்கலாம். நீங்கள் பத்து இடியப்பம் விற்றாலும் ஆயிரம் விற்றாலும் இந்தத் தொகை மாறாது.

வியாபார வரி 152ஆம் பிரிவு. அது முந்திய ஆண்டின் மொத்த வரவைப் பார்க்கும். இலாபத்தை அல்ல. நிரோஷ் சொன்ன கிராம சேவகர் கடிதம் இந்த இடத்தில்தான் உதவாது, அவருக்கு உங்கள் விற்பனை தெரியாதே. குடும்ப நிலை பார்த்துச் சில சபைகள் தவணை கொடுக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று முக்கியம். 152இல் வரி போடலாம் என்பது, அனுமதிப்பத்திரம் தேவைப்படாத, 150ஆம் பிரிவு வரியும் இல்லாத வியாபாரத்துக்கு மட்டும்தான். ஒரே இடியப்பத்துக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும், வியாபார வரியும் கட்டு என்று கேட்க முடியாது. உங்கள் அறிவித்தலில் பிழை அதுதான் என்று நினைக்கிறேன்.

எப்போது தொடங்கினீர்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு விற்பனை?

கௌரி

2023 நவம்பர் இரண்டாம் கிழமை தொடங்கினேன். நாளுக்கு 150 இடியப்பம், ஒன்று 12 ரூபா, 1800 ரூபா வரும். கிழமைக்கு ஐந்து நாள். கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு கடைக்காரர் சிகரெட் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் எண்ணிக்கையும் காசும் எழுதிக் கையெழுத்து வைத்துத் தருவார். அந்தத் துண்டுகளையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

தயாபரன்

கிழமைக்கு 9000. டிசம்பர் முடிவு வரை ஏழு கிழமை என்று வைத்தால் 63,000. இதுதான் உங்கள் முந்திய ஆண்டு வரவு. 152இன் அட்டவணை இப்படிப் போகும்: 6000 வரை எதுவும் இல்லை, 12,000 வரை 90 ரூபா, 18,750 வரை 180, 75,000 வரை 360, 150,000 வரை 1200, அதற்கு மேல் 3000. அதாவது 152 பொருந்தும் என்றே வைத்தாலும் உங்களுக்கு 2024க்கு வரி 360 ரூபா. கணக்கு ஒன்றும் கேட்காமல் உச்சத் தொகையைப் போட்டிருக்கிறார்கள்.

மழையில் விட்ட நாட்கள் இருந்தால் வரவு இன்னும் குறையும், ஆனால் 18,750க்கு மேலே, 75,000க்குக் கீழே இருக்கும்வரை தொகை அதேதான். ஆகவே அதற்காக மெனக்கெட வேண்டாம். ஒரு தாளில் கிழமைவாரியாக எழுதி, கொப்பியின் பிரதியையும் கடைத் துண்டுகளின் பிரதியையும் இணையுங்கள். அந்த அட்டைத் துண்டுதான் பெறுமதி, வேறு ஆளின் கையெழுத்து அதில் இருக்கிறது. இரண்டு கடைக்காரரிடமும் எப்போதிருந்து எடுக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

2023 மார்ச்சில் சபை கலைந்து, இந்த 2024இல் தவிசாளர் இல்லாததால் கடிதம் செயலாளருக்கே போக வேண்டும். இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். என் தொழிலுக்கு எந்த உப விதியின் கீழ் அனுமதிப்பத்திரம் தேவை? தேவை என்றால் 152இல் எப்படி வரி? அறிவித்தலில் உள்ள திகதிக்கு முன் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

ரமணன்

நகர சபை, மாநகர சபைக்காரர்கள் இந்தத் தொகைகளை அப்படியே எடுக்க வேண்டாம். அவற்றுக்கு வேறு சட்டம், வேறு தொகை. பிரதேச சபை என்றாலும் அந்த வருடத்துக்கான தீர்மானத்தை வர்த்தமானியில் பாருங்கள். எந்தத் தொழில் அனுமதிப்பத்திரப் பட்டியலில், எது வரிப் பட்டியலில் என்று அதில்தான் இருக்கும்.

ஐயா, ஒரு சந்தேகம். இருந்து சாப்பிட இடமில்லாமல் அவித்துக் கொடுப்பதை உணவுச்சாலை என்று எடுக்கலாமா?

தயாபரன்

சபைக்குச் சபை உப விதியின் சொல் மாறும். சிலதில் "உணவு தயாரிக்கும் இடம்" என்று விரிவாக இருக்கும், அப்போது வீட்டுக் குசினியும் உள்ளே வந்துவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ வந்து கிணறு, கழிவுநீர், மூடி வைக்கும் பாத்திரம் எல்லாம் பார்த்துப் பரிந்துரைத்த பிறகுதான் அனுமதிப்பத்திரம் தருவார்கள்.

பிள்ளை, ஒன்று யோசியுங்கள். இந்த ஆண்டு முழுக்க இதே அளவில் விற்றால் வரவு நான்கரை லட்சம் வரை போகும். 2025க்கு 152இல் போட்டால் 3000தான், அப்போது சிறிய வியாபாரம் என்று சொல்லித் தப்ப முடியாது. 150,000 என்ற எல்லை அந்தக் காலத்துக் காசுக்கு வைத்தது. அனுமதிப்பத்திரப் பட்டியலில் இருந்தால் 1000உடன் முடியும். ஆகவே அந்த 1000ஐ எதிர்த்து நிற்க வேண்டாம்.

கௌரி

நன்றி ஐயா. கடிதம் கொடுத்து முத்திரையும் வாங்கிவிட்டேன். வருமானப் பகுதிப் பிள்ளை கொப்பியைப் புரட்டிப் பார்த்து, 3000ஐ நிறுத்தி வைப்பதாகவும், உப விதி பற்றிச் செயலாளர் எழுத்தில் பதில் தருவார் என்றும் சொன்னார். 1000ஐ இப்போதே கட்டச் சொல்கிறார். பி.எச்.ஐ வந்து பார்க்க முன்னம் கட்டலாமா?

தயாபரன்

கட்டலாம், ஆனால் பற்றுச்சீட்டு அனுமதிப்பத்திரம் ஆகாது. அதில் "அனுமதிப்பத்திரக் கட்டணம் 2024" என்று எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். வெறும் "வியாபாரம்" என்று எழுதினால் பிறகு 152 கணக்கில் போட்டுவிடுவார்கள்.