“28 நாளில் மங்கு காணோம்” விளம்பரப் படங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

அழகாபுரம் அக்கா
என் நாத்தனாருக்கு இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் இரண்டு கன்னத்திலும் மங்கு. இன்ஸ்டாகிராமில் ஒரு க்ரீம் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, மூன்று டப்பாவுக்குச் சேர்த்துப் பணம் கட்டப் போகிறாள். இடது பக்கம் கருத்த முகம், வலது பக்கம் மாசுமருவில்லாத முகம், நடுவில் ஒரு கோடு, கீழே “28 நாளில்”. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இங்கேதான் பொய் என்று விரல் வைத்துக் காட்டத் தெரியவில்லை. இந்த மாதிரிப் படங்களை யாராவது கையும் களவுமாகப் பிடித்திருக்கிறீர்களா? படத்தைப் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோ
கல்யாண ஆல்பத்தில் முகம் துடைப்பதுதான் எங்கள் பிழைப்பு, அதனால் சொல்கிறேன். எல்லாரும் ‘ஆஃப்டர்’ படத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். நான் முதலில் ‘பிஃபோர்’ படத்தைத்தான் பார்ப்பேன்.

நீங்கள் போட்ட படத்தில் இடது பக்க நெற்றியைப் பெரிதாக்குங்கள். புருவத்துக்கு மேலே ஒரு முடி கொக்கி மாதிரி வளைந்து கிடக்கிறது. வலது பக்கப் படத்திலும் அதே முடி, அதே வளைவு, அதே இடம். ஜிமிக்கி சாய்ந்திருப்பதும் துப்பட்டா மடிப்பும் அப்படியே. 28 நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படத்தில் கலைந்த முடி ஒரே மாதிரி விழ வாய்ப்பே இல்லை. ஆக, இது ஒரே ஒரு க்ளிக்.

நல்ல முகத்தை எடுத்து, அதில் மங்கை வரைந்திருக்கிறார்கள். இரண்டு கன்னத் திட்டையும் ஒப்பிடுங்கள். நிஜ மங்கும் இரண்டு பக்கமும்தான் வரும், ஆனால் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஓரம் ஓரமாகப் பொருந்தாது. இதில் ஒரு பக்கத்தை வரைந்து அப்படியே திருப்பி ஒட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, இடது படத்தில் கண்ணின் வெள்ளையும் பழுப்பு, ஜிமிக்கியும் செம்பு நிறம். வலதில் அதே ஜிமிக்கி பளீரென்று இருக்கிறது. க்ரீம் போட்டால் கன்னம் தெளியலாம், ஜிமிக்கி எப்படித் தெளியும்?

நாத்தனாரிடம் காட்ட ஒரு வழி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இரண்டு பாதியையும் ஒரே அளவில் வெட்டி, கேலரியில் அடுத்தடுத்து வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். வேறு நாள் எடுத்த படம் என்றால் மூக்கு, காது, தோள் எல்லாம் கொஞ்சமாவது துள்ளும். இதில் எதுவும் அசையாது, நிறம் மட்டும் மாறி மாறித் தெரியும்.

ஜங்ஷன் குமார்
இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க? ஜூம் பண்ணுங்க. தோலில் துவாரம், பூனைமுடி தெரியலைன்னா எடிட், அவ்வளவுதான். வீடியோ போட்டிருந்தா தைரியமா நம்பலாம்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோ
பாதி சரி, குமார். பல போன்களில் முன்பக்கக் கேமராவே நம்மைக் கேட்காமல் தோலை வழவழப்பாக்கிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த படமாக இருந்தால் சுருங்கும்போதே பூனைமுடி காணாமல் போயிருக்கும். அதனால் துவாரம் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. வீடியோவிலும் ஃபில்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முன்பெல்லாம் முகத்துக்குக் குறுக்கே கையை ஆட்டினால் புருவம் கை மேல் ஒட்டிக்கொள்ளும், அதை வைத்துப் பிடிப்போம். இப்போது வருகிறவை அவ்வளவு சுலபமாகத் தடுமாறுவதில்லை.

ஏற்காடு கப்பிள் ஷூட்
எடிட்டே இல்லாமலும் இதைச் செய்யலாம், அதுதான் வேடிக்கை. கல்யாண ஜோடிகளை மலைக்கு அழைத்துப் போய்ப் படம் எடுப்பது என் தொழில். ஒருமுறை பெண்ணைப் புது பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயிலில், வண்டியில் ஏறும் முன் சும்மா ஒரு படம் எடுத்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னத்தில் பருத் தழும்புக் குழி எல்லாம் எடுப்பாகத் தெரிந்தது. மேலே மலையில் லேடிஸ் சீட் வியூ பாயின்ட் பக்கம் பனிமூட்டம். அதே கேமரா, அதே லென்ஸ், மேக்கப்பும் தொடவில்லை. குழிகளைத் தேட வேண்டியிருந்தது.

காரணம் எளிது. தலைக்கு மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ ஒரே திசையில் வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு குழியிலும் நிழல் விழும். பனியில் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறி வருவதால் நிழலே இல்லை. ஆனால் நிறத் திட்டை வெளிச்சம் இந்த அளவுக்கு மறைக்காது, குழியையும் சுருக்கத்தையும்தான் மறைக்கும். தழும்பு க்ளினிக் விளம்பரம் பார்த்தால் கருவிழியில் தெரியும் வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள், அது விளக்கின் பிரதிபலிப்பு. ‘பிஃபோரில்’ மேலே ஒரு சின்னப் புள்ளி, ‘ஆஃப்டரில்’ பெரிய வளையம் என்றால் விளக்கை மாற்றிவிட்டார்கள்.

மூணு ரோடு மாமா
எனக்கு முடி கொட்டுகிறது, ஆகவே கேட்கிறேன். இதில் எந்த எண்ணெய் நல்லது? ஒரு விளம்பரத்தில் ஆறே வாரத்தில் வழுக்கை மூடியிருந்தது. பையன் பார்த்துவிட்டு, “அப்பா, முதல் படத்தில் அந்த ஆள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு குனிந்திருக்கிறார், இரண்டாவதில் காய்ந்த முடியைச் சீவி நிமிர்ந்திருக்கிறார்” என்றான். அதுவும் இதில் சேருமா? எண்ணெய் பெயர் யாரும் சொல்லவில்லையே.

அஸ்தம்பட்டி பார்லர்
சேரும் மாமா, எண்ணெய்க்கு மட்டும் இங்கே பதில் கிடைக்காது!

என் கடைக்கு வருகிற மணப்பெண்கள் முன்பு நடிகை படம் கொண்டு வருவார்கள். இப்போது சொந்த செல்ஃபியையே நீட்டுகிறார்கள், ஃபில்டர் போட்டது. “அக்கா, இது நான்தானே, இப்படி வந்தால் போதும்.” அதில் மூக்கு ஒல்லியாகி, தாடை கூராகி, கண் பெரிதாகியிருக்கும். மேக்கப்பில் நிறத்தைச் சமன் செய்யலாம், தோலின் மேடுபள்ளத்தை அழிக்க முடியாது. அழிக்கிறேன் என்று ஃபவுண்டேஷனை அப்பினால் இன்னும் எடுப்பாகத்தான் தெரியும். போன மாசிக் கல்யாணத்துப் பெண் ட்ரையல் முடிந்து கண்ணாடியைப் பார்த்து அழுதுவிட்டாள். அழகாகத்தான் இருந்தாள். போனை எடுத்துக் கேமரா வழியாகப் பார்த்த பிறகுதான் சமாதானமானாள். மாப்பிள்ளை வீட்டுக்கும் அந்த ஃபில்டர் படமே போயிருக்கிறது என்று அவள் அம்மா மெதுவாகச் சொன்னார். அதற்கு நான் என்ன செய்ய?

மெடிக்கல் தம்பி
நாத்தனார் அக்காவுக்கு ஒரு விஷயம். டாக்டர் சொல்லிச் செய்கிற வைத்தியத்திலேயே மங்கு குறைய மாதக் கணக்காகும், வெயில் பட்டால் திரும்பி வரும். சன்ஸ்க்ரீன் விடாமல் போடச் சொல்வது அதனால்தான். நாலு வாரத்தில் முகமே வெளுக்கிறது என்றால் படம் பொய்யாக இருக்கலாம், இல்லை படம் உண்மையாகவே இருந்து க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இந்த இரண்டாவதைப் படத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் வெளுக்கும். நாளாக ஆக தோல் மெலிந்து, சிவந்து, ரத்த நாளம் தெரியும், நிறுத்தினால் எரியும். எங்கள் கடைக்கு அந்த நிலைமையில் வந்து, அதே ட்யூபை மறுபடி கேட்கிறவர்கள் உண்டு. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று பின்னால் இருக்கிறதா பாருங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து அதெல்லாம்.

ஜங்ஷன் குமார்
நார்வேயில் 2021-லேயே சட்டம் போட்டாச்சு, உடம்பையோ தோலையோ திருத்தின விளம்பரப் படத்துக்கு முத்திரை குத்தணும். இங்கே யார் கேட்கிறது?

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோ
மும்பையில் ஏஎஸ்சிஐ என்று விளம்பரங்களுக்கான தரக் கவுன்சில் இருக்கிறது. ascionline.in போய் ஸ்க்ரீன்ஷாட்டோடு புகார் கொடுக்கலாம், காசு கிடையாது. நான் ஒரு க்ளினிக் விளம்பரத்துக்குக் கொடுத்தேன், அந்தப் படம் போனது. கொஞ்ச நாளில் அதே முகம் வேறு பெயரில் வந்தது. பலன் உண்டா என்றால், எனக்கே இரண்டு மனசுதான்.

அழகாபுரம் அக்கா
ஜிமிக்கியைக் காட்டினேன், சிரித்துவிட்டாள். பணம் கட்டவில்லை. ஆனால் இன்று வேறொரு க்ரீம் படம் அனுப்பியிருக்கிறாள். இதில் முடி, சட்டை எல்லாம் வேறு. ஸ்டுடியோ அண்ணா, பார்க்கிறீர்களா?

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோ
பார்த்தேன். இரண்டும் வேறு வேறு நாள் எடுத்ததுதான். கண்ணின் வெள்ளை, சுவர் நிறம், மூக்குக்குக் கீழே விழும் நிழல் எல்லாம் ஒத்துப் போகிறது. என் கண்ணுக்குத் திருத்தம் எதுவும் தெரியவில்லை.

மெடிக்கல் தம்பி
அப்படியென்றால்தான் எனக்குப் பயம். டப்பாவின் பின்பக்கப் படம் இருக்கா அக்கா?

அழகாபுரம் அக்கா
தேடினேன் தம்பி. முன்பக்கம் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டு மெசேஜ் அனுப்பினேன், “உங்கள் முகவரி அனுப்புங்கள் மேடம்” என்று பதில் வந்திருக்கிறது.